ஒரே தாளில் ஓர் ஆய்வு: ஜர்னல் கிளப் ஹேண்ட்அவுட் தயாரிப்பது எப்படி?

மருத்துவக் கல்லூரிகளில் முதுநிலை படிக்கும் டாக்டர்கள் முறைவைத்து ஜர்னல் கிளப்பில் பேசியாக வேண்டும். அண்மையில் வெளிவந்த ஆய்வுக்கட்டுரை ஒன்றை ஒரு மாணவர் எடுத்துப் படித்து, பேராசிரியர்களுக்கும் சக மாணவர்களுக்கும் முன்னால் வைப்பார். மற்றவர்கள் அதைத் துருவிக் கேள்வி கேட்பார்கள். கனடாவின் மாண்ட்ரீல் நகரில், மெக்கில் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஆஸ்லர் 1875-இல் இப்படி ஒரு குழுவைத் தொடங்கினார். ஒருவரே வாங்கக் கட்டுப்படியாகாத மருத்துவ இதழ்களைக் கூட்டாக வாங்கிப் படிப்பதுதான் அன்றைய நோக்கம். இன்று இதழ்கள் கைபேசியிலேயே கிடைக்கின்றன. ஆகவே வேலை மாறிவிட்டது: கட்டுரை சொல்வதை நம்பலாமா, எவ்வளவு நம்பலாம் என்று பார்ப்பதே இப்போது முதன்மை.

அந்த விவாதத்துக்காகப் பேசுபவர் எல்லார் கையிலும் தரும் தாளை ஹேண்ட்அவுட் என்பார்கள். ஏ4 தாள் ஒன்று, இரு பக்கமும் அச்சிட்டது. அதில் நான்கு பகுதிகள்: ஆய்வின் மையக் கேள்வி, ஆய்வு வடிவம், முடிவுகள், விமர்சனம். அறையில் இருப்பவர்களில் பாதிப் பேர் கட்டுரையைப் படித்திருக்க மாட்டார்கள். இந்தத் தாளை மட்டும் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு அவர்களும் வாதத்தில் இறங்க முடிந்தால் தாள் தேறிவிட்டது என்று பொருள். கட்டுரையின் சுருக்கத்தை அப்படியே வெட்டி ஒட்டியிருந்தால் அது நடக்காது. சுருக்கம் கட்டுரையாளர்களின் வாதம், அதில் எதிர்வாதத்துக்கு இடமிருக்காது.

எப்படிச் செய்வது என்பதை உண்மையான ஒரு கட்டுரையை வைத்தே பார்ப்போம். 2023 ஆகஸ்டில் 'தி லான்செட்' இதழில் வெளியான 'ரேஷன்ஸ்' ஆய்வு அது. மங்களூரு யெனெபோயா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் அனுராக் பார்கவா தலைமையில், சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடத்தியது. காசநோயாளி இருக்கும் வீட்டில் மற்றவர்களுக்கு அரிசியும் பருப்பும் கொடுத்தால் அவர்களுக்கு நோய் வருவது குறையுமா என்று பார்த்தார்கள். பொருள் எல்லாருக்கும் புரியும்; வடிவமோ சிக்கலானது. பழகிப் பார்க்க ஏற்ற கட்டுரை.

கேள்வி: ஒரே வாக்கியம்

முதல் பகுதியில் ஒரு வாக்கியம்தான் இருக்க வேண்டும். அதில் நான்கு செய்திகள் அடங்க வேண்டும்: யாருக்கு, என்ன கொடுத்து, எதோடு ஒப்பிட்டு, எதை அளந்தார்கள். மருத்துவ மாணவர்கள் இதை 'பிக்கோ' என்பார்கள்.

பலர் எழுதிக் கொண்டுவருவது இப்படி இருக்கும்: "காசநோயில் ஊட்டச்சத்தின் பங்கை ஆராய்தல்." இது தலைப்பு, கேள்வி ஆகாது. இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்ல முடியாது. சரியாக எழுதினால் இப்படி வரும்:

"நுரையீரல் காசநோய் கிருமிப் பரிசோதனையில் உறுதியானவரோடு ஒரே வீட்டில் வசிப்பவர்களுக்கு, மாதந்தோறும் உணவுப்பொருளும் நுண்சத்து மாத்திரையும் கொடுத்தால், கொடுக்காத வீடுகளோடு ஒப்பிடும்போது, புதிதாகக் காசநோய் வருவது குறைகிறதா?"

இந்த வாக்கியத்தை எழுதும்போதே ஒரு பொறி கண்ணில் படும். நோயாளிகளுக்கு இரண்டு பக்கமும் உணவு கொடுத்திருக்கிறார்கள். வித்தியாசம் வீட்டிலுள்ள மற்றவர்களுக்குக் கொடுத்ததில் மட்டும்தான். மேலோட்டமாகப் படித்தவர் "நோயாளிக்கு உணவு கொடுத்த ஆய்வு" என்று எழுதிவிடுவார். அதன்பின் தாள் முழுவதும் தவறாகிவிடும். ஆகவே ஒப்பீட்டுப் பிரிவுக்கு என்ன கிடைத்தது என்பதைக் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் தேடிப் படித்துவிட்டுத்தான் இந்த வாக்கியத்தை முடிக்க வேண்டும்.

வடிவம்: படமாகப் போடுங்கள்

இரண்டாம் பகுதியைப் பத்தியாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். கட்டங்களும் அம்புகளும் போதும். ரேஷன்ஸ் ஆய்வுக்கு அந்தப் படம் இப்படி அமையும்: மேலே ஒரு கட்டத்தில், ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் உள்ள 28 காசநோய்ப் பிரிவுகள். அங்கிருந்து குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரியும் அம்புகள். இடப்பக்கம் உணவுப் பிரிவு, வீட்டார் 5,621 பேர். வலப்பக்கம் ஒப்பீட்டுப் பிரிவு, 4,724 பேர். இரண்டுக்கும் கீழே, 2022 ஜூலை 31 வரை கண்காணிப்பு.

படத்தின் ஓரத்தில் என்ன கொடுத்தார்கள் என்பதை எழுத வேண்டும். நோயாளிக்கு இரு பக்கமும் நாளொன்றுக்கு 1,200 கலோரி, 52 கிராம் புரதம் தரும் உணவு. உணவுப் பிரிவில் வீட்டார் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு 750 கலோரி, 23 கிராம் புரதம். பெரியவர் ஒருவருக்கு இது மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பும் ஆகிறது. இந்தக் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். நாளுக்கு ஏறக்குறைய 165 கிராம் அரிசியும் 50 கிராம் பருப்பும்; அரிசியில் 580 கலோரி, பருப்பில் 170. கூட்டினால் 750 வந்துவிடுகிறது. இப்படி ஓர் எண்ணையாவது கையால் சரிபார்த்தவர், பேராசிரியர் "750 கலோரி என்றால் தட்டில் எவ்வளவு?" என்று கேட்டால் விழிக்க மாட்டார்.

இந்தப் பகுதியில் விளக்கியே ஆகவேண்டியது ஒன்றுதான்: ஏன் ஆட்களைக் குலுக்காமல் காசநோய்ப் பிரிவுகளைக் குலுக்கினார்கள்? ஒரே ஊரில் ஒரு வீட்டுக்கு மூட்டை அரிசி கொடுத்து, பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியும். அரிசி கைமாறும், மனக்கசப்பும் வரும். அதனால் ஒரு வட்டாரம் முழுவதையும் ஒரு பக்கம் சேர்த்தார்கள். இதைக் கிளஸ்டர் முறை என்பார்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. ஒரே வட்டாரத்து மக்கள் உணவிலும் வருமானத்திலும் மருத்துவமனைத் தொலைவிலும் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பார்கள். ஆகவே 10,345 பேர் கலந்துகொண்டாலும், புள்ளியியல் கண்ணுக்கு அது 10,345 தனித்தனி ஆட்களுக்குச் சமமாகாது. குலுக்கியது 28 சீட்டுகளைத்தான். கட்டுரையாளர்கள் இந்த ஒற்றுமையைக் கணக்கில் எடுத்துக்கொண்டு ஆய்ந்தார்களா என்று பார்ப்பது கட்டாயம். இந்தக் கட்டுரையில் அதற்கான முறையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஹேண்ட்அவுட்டில் "28 கிளஸ்டர், பகுப்பாய்வில் சரிசெய்யப்பட்டுள்ளது" என்ற ஒரு வரி போதும்.

முடிவுகள்: எதிலிருந்து எதற்கு?

கட்டுரையின் முடிவாகச் செய்திகளில் வந்தது ஒரே எண்: வீட்டாருக்குக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. மாணவர் பேச ஆரம்பித்ததும் அறையில் நடக்கும் உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

"சார், 39 பர்சென்ட் குறைஞ்சிருக்கு."

"எதிலிருந்து எதுக்கும்மா?"

அந்தக் கேள்விக்குத் தாளிலேயே பதில் இருக்க வேண்டும். முடிவுப் பகுதிக்குச் சிறிய அட்டவணை ஒன்று போதும்.

| | உணவுப் பிரிவு | ஒப்பீட்டுப் பிரிவு |
|---|---|---|
| கண்காணிக்கப்பட்ட வீட்டார் | 5,602 | 4,712 |
| புதிதாகக் காசநோய் வந்தவர்கள் | 96 | 122 |
| நூற்றுக்கு எத்தனை பேர் | 1.7 | 2.6 |
| 100 பேரை ஓராண்டு கண்காணித்தால் | 0.78 | 1.27 |

முதல் படத்தில் 5,621, இங்கே 5,602 என்று எண் மாறியிருப்பதை யாராவது பிடிப்பார்கள். தொடக்கத்திலேயே பரிசோதித்தபோது இரு பிரிவிலுமாக 31 பேருக்கு ஏற்கெனவே காசநோய் இருந்தது. அவர்களைக் கழித்த பிறகு மிஞ்சியவர்கள்தான் அட்டவணையில் இருப்பவர்கள். இதை அடிக்குறிப்பாகத் தாளிலேயே எழுதிவிட்டால் இரண்டு நிமிடம் மிச்சம்.

அட்டவணையைப் பார்த்தால் 39 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது. 0.78-ஐ 1.27-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.61. அதாவது ஒப்பீட்டுப் பிரிவில் 100 பேருக்கு நோய் வந்த இடத்தில் உணவுப் பிரிவில் 61 பேருக்கு வந்திருக்கிறது. சரிசெய்த கணக்கிலும் கட்டுரை அதே 0.61-ஐத்தான் தருகிறது. ஆனால் நேரடி வித்தியாசத்தைப் பார்த்தால் நூறு பேரில் ஒருவருக்கும் குறைவு: 2.6-இலிருந்து 1.7. இரண்டு எண்ணும் உண்மை. ஒன்றை மட்டும் எழுதினால் வாசிப்பவர் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார். ஆகவே இரண்டையும் அடுத்தடுத்து எழுத வேண்டும்.

அடுத்து, ஒருவருக்கு நோய் வராமல் தடுக்க எத்தனை பேருக்கு உணவு தர வேண்டும் என்ற கணக்கு. அட்டவணையிலிருந்து நாமே போடலாம். 2.59-இலிருந்து 1.71-ஐக் கழித்தால் 0.88, நூறை அதனால் வகுத்தால் 114. கட்டுரை தரும் எண் 111 பேர், அதாவது 30 குடும்பங்கள். நம் தோராயக் கணக்கு அதை ஒட்டியே வருகிறது. தட்டச்சுப் பிழையோ பெரிய புதிரோ இல்லை என்று உறுதியாகிறது. நமக்கு 40 என்றோ 300 என்றோ வந்திருந்தால், எந்த எண்ணை எங்கே தவறாக எடுத்தோம் என்று திரும்பிப் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

கடைசியாக நம்பிக்கை இடைவெளி. 0.61 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 0.43 முதல் 0.85 வரை என்று கட்டுரையில் இருக்கும். இதை எல்லாருக்கும் புரியும்படி மாற்றி எழுதுங்கள்: "உண்மையான குறைவு 15 சதவீதமாகவும் இருக்கலாம், 57 சதவீதமாகவும் இருக்கலாம், 39 என்பது நடுவில் உள்ள சிறந்த மதிப்பீடு." 15 சதவீதம்தான் உண்மை என்றால் இந்தத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்குவோமா? நல்ல விவாதம் அந்த இடத்திலிருந்து தொடங்கும்.

விமர்சனம்: திசை எழுதாத குறை குறையே அல்ல

பெரும்பாலான ஹேண்ட்அவுட்டுகள் விழுவது நான்காம் பகுதியில். "மாதிரி எண்ணிக்கை போதாது", "ஒரே மாநிலத்தில் நடந்தது", "நீண்டகாலக் கண்காணிப்பு தேவை" என்று மூன்று வரி இருக்கும். இந்த மூன்றையும் எந்தக் கட்டுரைக்கும் எழுதலாம். கட்டுரையைப் படிக்காமலேயே எழுதலாம். பேராசிரியர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

பயனுள்ள விமர்சனத்தில் ஒவ்வொரு குறைக்கும் மூன்று செய்தி இருக்கும். என்ன நடந்தது? அது முடிவை எந்தப் பக்கம் இழுக்கும்: பலனைக் கூட்டிக் காட்டுமா, குறைத்துக் காட்டுமா? முடிவையே மாற்றும் அளவுக்குப் பெரிதா? இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுதாத குறையைத் தாளிலிருந்து அடித்துவிடலாம். ரேஷன்ஸ் ஆய்வில் மூன்று குறைகளை இந்த முறையில் எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது, மறைக்க முடியாத சிகிச்சை. மாத்திரை என்றால் போலி மாத்திரை கொடுக்கலாம். போலி அரிசி கிடையாது. யாருக்கு உணவு கிடைத்தது என்பது எல்லாருக்கும் தெரியும். இதன் திசை இரு பக்கமும் போகலாம். உணவு கொடுக்கப் போகும் ஊழியர் அந்த வீட்டாரை அதிகம் பார்ப்பதால் இருமல் உள்ளவர்கள் சீக்கிரம் கண்ணில் படலாம். அப்படியானால் உணவுப் பிரிவில் நோய் கூடுதலாகக் கண்டறியப்பட்டு, பலன் குறைத்துக் காட்டப்படும். மாறாக, அரிசி வாங்கும் வீட்டார் இருமலைச் சொல்லத் தயங்கினால் பலன் கூட்டிக் காட்டப்படும். இதை எதை வைத்துத் தீர்ப்பது? நோயை உறுதிசெய்தது ஆய்வுக் குழு அல்ல, சுகாதாரத் துறையின் மருத்துவ ஊழியர்கள். கிருமிப் பரிசோதனையில் உறுதியான நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்தால் குறைவு 48 சதவீதம், 39-ஐவிடக் கூடுதல். மருத்துவரின் ஊகத்தால்தான் பலன் தெரிகிறது என்றால், ஆய்வகத்தில் உறுதியானவர்களிடம் அது சுருங்கியிருக்க வேண்டும். சுருங்கவில்லை. ஆகவே நோயைக் கண்டறிந்தவரின் சாய்வு பற்றிய கவலை குறைகிறது. இருமலைச் சொல்லாமல் மறைத்தவர்கள் பற்றிய கேள்வி மட்டும் மிஞ்சுகிறது. அதையும் அப்படியே எழுத வேண்டும்.

இரண்டாவது, விட்டுப்போனவர்கள். கடைசி மதிப்பீடு வரை இருந்தவர்கள் உணவுப் பிரிவில் 94.8 சதவீதம், ஒப்பீட்டுப் பிரிவில் 90.7 சதவீதம். கழித்துப் பார்த்தால் 293 பேரும் 441 பேரும் விட்டுப்போயிருக்கிறார்கள். இரு பக்கமும் சமமாக இல்லை என்பதால் கேள்வி எழுகிறது. கடினமான ஊகம் ஒன்றைச் செய்து பார்க்கலாம். உணவுப் பிரிவில் விட்டுப்போன 293 பேருக்கு, ஒப்பீட்டுப் பிரிவைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் நோய் வந்ததாகவும், ஒப்பீட்டுப் பிரிவில் விட்டுப்போனவர்களில் ஒருவருக்கும் வரவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். அப்போது 15 பேர் கூடுவார்கள். 96 என்பது 111 ஆகும். நூற்றுக்கு 1.7 என்பது 2.0 ஆகிறது. அப்போதும் 2.6-ஐவிடக் குறைவுதான், ஆனால் வித்தியாசம் நன்றாகச் சுருங்கிவிடுகிறது. தாளில் எழுத வேண்டிய தீர்ப்பு: "முடிவின் திசை மாறாது, அளவு மாறலாம்." கால்குலேட்டரில் ஒரு நிமிட வேலைதான் இது. ஆனாலும் "கண்காணிப்பில் இழப்பு உண்டு" என்ற வெற்று வரியைவிட அறையில் இருப்பவர்களுக்குப் பல மடங்கு பயன்படும்.

மூன்றாவது, ஒப்பீட்டுப் பிரிவுக்கும் உணவு போய்ச் சேர்ந்தது. அங்கும் நோயாளிக்கு உணவு கொடுத்தார்கள். வீட்டில் குழந்தைகள் இருக்கும்போது நோயாளி தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுவார் என்று எதிர்பார்க்க முடியாது. அதோடு, ஆய்வு நடந்தது கொரோனா காலத்தில். அப்போது மத்திய அரசு ரேஷன் அட்டைதாரர்களுக்கு இலவச தானியம் கொடுத்தது. இவை இரண்டும் இரு பிரிவுக்கும் உள்ள இடைவெளியைச் சுருக்கும். ஆகவே இதன் திசை தெளிவு: உணவின் உண்மைப் பலன் 39 சதவீதத்தைவிடக் கூடுதலாகவே இருக்கலாம். ஆய்வின் குறைகளெல்லாம் அதன் முடிவுக்கு எதிராகவே போகும் என்று பலர் நினைக்கிறார்கள். இப்படி ஆதரவாகப் போகும் குறைகளும் உண்டு என்பதைத் திசை எழுதும் பழக்கம்தான் காட்டிக்கொடுக்கும்.

நம் ஊருக்குப் பொருந்துமா?

"ஒரே மாநிலத்தில் நடந்தது" என்று எழுதுவதற்குப் பதிலாக, அந்த மாநிலம் நம் இடத்திலிருந்து எதில் வேறுபடுகிறது என்று எழுத வேண்டும். இந்த ஆய்வில் கலந்துகொண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சந்தால், ஹோ, முண்டா, ஒராவோன் போன்ற பழங்குடியினர். வீட்டாரில் 34 சதவீதம் பேருக்கு ஊட்டக்குறைவு இருந்தது. உடலில் அடங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமி, உடல் நலியும்போது தலைதூக்கும். ஊட்டக்குறைவு அதற்கு ஒரு பெரிய வாசல். அந்த வாசல் அகலமாகத் திறந்திருக்கும் இடத்தில் உணவு அதிகம் தடுக்கும்.

தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி பெரும்பாலான குடும்பங்களுக்குக் கிடைக்கிறது. நகரங்களில் காசநோய்க்கு வழிவிடும் காரணங்களில் சர்க்கரை நோய்க்கும் குடிப்பழக்கத்துக்கும் கணிசமான பங்கு உண்டு. ஆகவே இங்கே அதே 39 சதவீதம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அதேசமயம், இங்கும் மெலிந்த உடலோடு வாழும் வீட்டார் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது பொருந்தாது என்று தள்ளவும் முடியாது. கூடவே இன்னொன்று: அரிசியும் பருப்பும் மாத்திரையும் சேர்ந்தே கொடுக்கப்பட்டதால், எதனால் பலன் வந்தது என்று இந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல இயலாது. நம் ஊரில் அரிசி ஏற்கெனவே கிடைக்கும் நிலையில் பருப்பு மட்டும் போதுமா என்பது இந்தக் கட்டுரை கேட்காத கேள்வி. ஹேண்ட்அவுட்டில் விவாதத்துக்கான கேள்வியாக அதைப் போடலாம்.

எழுதும் வரிசை

தாளில் வரும் வரிசையில் தயாரிப்பதும் ஒரு தவறு. முதலில் செய்முறைப் பகுதியையும் அட்டவணைகளையும் படித்து, முடிவு அட்டவணையைச் சொந்தமாகப் போடுங்கள். பிறகு வடிவப் படம். அதன்பின் ஆய்வைத் தொடங்கும் முன் பதிவு செய்த விவரத்தை இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் தேடி, அளக்கப்போவதாகச் சொன்னதையே அளந்திருக்கிறார்களா என்று ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் அதுவே விமர்சனத்தின் முதல் வரி. கட்டுரையாளர்கள் தங்கள் குறைகளைப் பட்டியலிடும் பகுதியைக் கடைசியில்தான் படிக்க வேண்டும். முன்கூட்டியே படித்தால் உங்கள் விமர்சனம் அவர்களுடையதன் நகலாகிவிடும். கேள்வி வாக்கியத்தை எல்லாம் முடிந்தபின் ஒருமுறை திருத்துங்கள்.

தாளின் அடியில் ஒரு தீர்ப்பு வரி வேண்டும். ரேஷன்ஸ் ஆய்வுக்கு அது இப்படி இருக்கலாம்: "ஊட்டக்குறைவு மிகுந்த இடங்களில், காசநோயாளியின் வீட்டாருக்கு உணவு தருவது நோயைக் குறைக்கிறது என்பதை நம்பலாம், எவ்வளவு குறைக்கும் என்பது இடத்துக்கு இடம் மாறும்." மேலே உள்ள மூன்று குறைகளையும் எடைபோட்ட பிறகு இதற்குமேலும் சொல்ல முடியாது, இதற்குக் கீழும் சொல்ல வேண்டியதில்லை.

கட்டுரை வெளியான அடுத்த ஆண்டே, 2024-இல், மத்திய அரசு காசநோயாளிகளுக்கான மாத ஊட்டச்சத்து உதவியை 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தியது. நன்கொடையாளர்கள் வழங்கும் உணவுத் தொகுப்பை நோயாளியின் குடும்பத்தாருக்கும் தரும்படி திட்டத்தை விரிவாக்கியது.